ஒரு லட்சத்தில் முட்டி நிற்கும் பணம்

ஈரோட்டுக்காரர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார் வாங்கச் சேலத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேசி முடித்த விலை 3,40,000 ரூபாய். வேறு யாருக்கும் வண்டியைக் கொடுத்துவிடக் கூடாது என்று காலையில் எழுந்ததுமே விற்பவரின் செல்பேசி எண்ணுக்கு 10,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டார். அது கண் சிமிட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தது. வங்கிக் கணக்கில் இன்னும் நான்கு லட்சத்துக்கு மேல் இருக்கிறது. மதியம் வண்டியை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, ஆர்.சி. புத்தகம் மேசைமேல் இருக்கிறது. மீதி 3,30,000 ரூபாயை யுபிஐ செயலியில் தட்டுகிறார். தொகை அதிகம் என்று செயலி மறுக்கிறது. ஒரு லட்சமாகக் குறைத்துப் பார்க்கிறார். அதற்கும் மறுப்பு. எரிச்சலோடு 90,000 என்று போட்டதும் போய்விடுகிறது.

"மீதியையும் போட்டுவிடுங்க தம்பி, டீ ஆறிடும்."

"லிமிட் முடிஞ்சுபோச்சுன்னு காட்டுதுங்கண்ணா. நாளைக்குத்தான் போகும்போல."

விற்பவருக்கு முகம் மாறுகிறது. வாங்க வந்தவரிடம் பணமே இல்லையோ, சாக்குச் சொல்கிறாரோ என்று அவர் நினைத்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இங்கே யாரும் பொய் சொல்லவில்லை, எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. ஒருவர் இன்னொரு தனிமனிதருக்கு யுபிஐ வழியாக ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகைக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு. காலையில் போன 10,000 அதில் சேர்ந்துவிட்டது. மதியம் 90,000 போனதும் கணக்கு நேர் செய்யப்பட்டுவிட்டது.

யுபிஐ 2016-இல் அறிமுகமானது. அதை நடத்துவது இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் என்கிற என்.பி.சி.ஐ. உச்சவரம்பை வகுப்பதும் அதுதான். ஆனால் அந்த எண்ணிக்கையை உண்மையில் எண்ணிக்கொண்டிருப்பது உங்கள் வங்கி. பலரும் தடுமாறுகிற இடம் இதுதான். ஒரு செயலியில் மறுத்துவிட்டால் வேறு செயலியைத் தரவிறக்கி, அதே வங்கிக் கணக்கை இணைத்து, மறுபடி முயல்கிறார்கள். கடையில் நிற்கிற அவசரத்தில் இது நல்ல யோசனையாகவும் தோன்றும். ஆனால் பணம் எடுக்கப்படுவது அதே கணக்கிலிருந்துதான். எந்தச் செயலி வழியாக வந்த கோரிக்கையானாலும் வங்கியின் கணினியில் அன்றைய கூட்டுத்தொகை ஒன்றே. செயலியை மாற்றியவருக்கு மிஞ்சுவது இன்னொரு மறுப்புச் செய்திதான்.

வேறொரு வங்கியில் கணக்கு இருந்தால் கதை கொஞ்சம் மாறும். அந்த வங்கி தன் கணக்கைத் தனியாக எண்ணும். ஆனால் செயலிகளும் தங்கள் பங்குக்குச் சொந்த வரம்பு வைத்திருக்கலாம் என்பதால், இரண்டு கணக்கிலிருந்தும் தலா ஒரு லட்சம் தாராளமாகப் போகும் என்று நம்பி வண்டி பேசக் கூடாது.

என்.பி.சி.ஐ. சொல்லும் ஒரு லட்சம் என்பது மேல் எல்லை மட்டுமே. அதற்குள் ஒவ்வொரு வங்கியும் தன் விருப்பப்படி இன்னும் குறைவான வரம்பை வைத்துக்கொள்ளலாம். சில வங்கிகள் ஒரு முறைக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பும், நாள் முழுக்க இவ்வளவு என்று இன்னொரு வரம்பும் வைத்திருக்கின்றன. தொகை ஒருபுறம் இருக்க, எத்தனை தடவை அனுப்பினோம் என்பதற்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. தனிமனிதர்களுக்கு அனுப்புவது பொதுவாக நாளொன்றுக்கு 20 முறை. கல்யாண வீட்டில் சமையல்காரர், பந்தல்காரர், மேளக்காரர், வேன் ஓட்டுநர் என்று ஆளுக்கு இரண்டாயிரம் மூவாயிரமாகப் பிரித்து அனுப்புகிற மாமாவின் செல்பேசி சாயங்காலம் திடீரென்று முரண்டு பிடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும். ஒரு லட்சத்தில் பாதிகூடப் போயிருக்காது. ஆனால் இருபது முறை முடிந்திருக்கும்.

'நாள்' என்பதையும் எல்லா வங்கிகளும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் புதுக்கணக்குத் தொடங்கும் வங்கிகள் உண்டு. கடைசியாக அனுப்பிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்தைப் பின்னோக்கிப் பார்க்கும் வங்கிகளும் உண்டு. முதல் வகை வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் இரவு 11:50-க்கு ஒரு லட்சமும் 12:05-க்கு இன்னொரு லட்சமும் அனுப்பிவிடுவார். இரண்டாவது வகையில் அதே ஆள் மறுநாள் இரவுவரை காத்திருக்க வேண்டும். கார் வாங்கப் போனவர் "நாளைக்குக் காலையில் அனுப்பிவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுப்பதற்கு முன் தன் வங்கி எந்த வகை என்று தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு தடை செல்பேசி மாற்றியவர்களுக்கு வரும். புதிதாக யுபிஐ பதிவு செய்தாலோ, வேறு கைபேசிக்கு மாறினாலோ, முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காலம் பொதுவாக 72 மணி நேரம். உங்கள் எண்ணில் வேறொருவர் மாற்று சிம் வாங்கி, அவருடைய கைபேசியில் உங்கள் கணக்கைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் பிறந்த விதி இது. திருடனுக்கு முதல் சில மணி நேரம்தான் முக்கியம். அந்த நேரத்தில் அவன் கைக்கு ஐயாயிரத்துக்கு மேல் போகாமல் இருந்தால், உங்கள் சிம் செத்துக் கிடப்பதைக் கவனித்து வங்கிக்குச் சொல்ல உங்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. பொங்கலுக்குப் புதுக் கைபேசி வாங்கிவிட்டு மறுநாளே நகைக்கடைக்குப் போகிறவருக்கு இதெல்லாம் ஆறுதலாக இருக்காதுதான்.

நகைக்கடை என்றதும் இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வரம்பு என்பது அனுப்புகிறவரை மட்டும் பொறுத்ததல்ல. வாங்குகிறவர் யார் என்பதையும் பொறுத்தது.

2025 செப்டம்பர் 15 முதல் சில வகை வணிகர்களுக்கு யுபிஐ வரம்பை என்.பி.சி.ஐ. பெரிதாக உயர்த்தியது. காப்பீட்டுப் பிரீமியம், பங்குச்சந்தை முதலீடு, கடன் தவணை, பயணச்சீட்டு போன்றவற்றுக்கு ஒரு முறைக்கு 5 லட்சம், ஒரு நாளைக்கு 10 லட்சம். நகைக்கு ஒரு முறைக்கு 2 லட்சம், ஒரு நாளைக்கு 6 லட்சம். மருத்துவமனைக் கட்டணத்துக்கும் கல்லூரி, பள்ளிக் கட்டணத்துக்கும் அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், ரிசர்வ் வங்கி 5 லட்சம்வரை அனுமதித்துவிட்டது. தனிமனிதருக்குத் தனிமனிதர் அனுப்பும் வரம்பு மட்டும் அதே ஒரு லட்சத்தில் நிற்கிறது. இந்தப் பெரிய வரம்புகளும் வங்கி ஒத்துக்கொண்டால்தான் செல்லுபடியாகும்.

பணம் வாங்குவது ஒரு மருத்துவமனையா, நகைக்கடையா, பக்கத்து வீட்டுக்காரரா என்பது வங்கிக்கு எப்படித் தெரிகிறது? வணிகராகப் பதிவு செய்யும் ஒவ்வொருவருக்கும் அவர் தொழிலைக் குறிக்கும் நான்கு இலக்க எண் ஒன்று தரப்படுகிறது. கியூஆர் அட்டையை வருடியதும் அந்த எண்ணும் கூடவே போகிறது. நகைத் தொழிலுக்கான எண்ணோடு, சரிபார்க்கப்பட்ட வணிகர் என்ற அடையாளமும் இருந்தால் 1,80,000 ரூபாய் ஒரே தட்டில் போய்விடும். அதே தெருவில் இன்னொரு சிறிய கடை. முதலாளி தன் சொந்தச் சேமிப்புக் கணக்கின் கியூஆர் படத்தை அச்சடித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். வங்கியின் பார்வையில் அவர் கடைக்காரர் அல்ல, உங்கள் சித்தப்பாவைப் போல ஒரு தனிமனிதர். அங்கே ஒரு லட்சத்தைத் தாண்டாது. "அந்தக் கடையில போச்சே, இங்க ஏன் போகலை?" என்ற கேள்விக்கு விடை வாடிக்கையாளரின் கையில் இல்லை, கல்லாவில் ஒட்டியிருக்கும் அந்தப் படத்தில் இருக்கிறது. கல்லூரிக் கட்டணத்தை இணையதளத்தில் கட்டினால் போவதும், அலுவலக எழுத்தரின் சொந்த எண்ணுக்கு அனுப்பினால் போகாததும் இதே காரணத்தால்தான். அப்படிச் சொந்த எண்ணுக்குக் கட்டணம் கேட்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம் என்பது வேறு கதை.

கார் விற்பவரோ தனிமனிதர். அவருக்கு எந்த வணிக எண்ணும் கிடையாது. ஆகவே யுபிஐ வழி அன்றைக்கு அடைபட்டது அடைபட்டதுதான். மீதி 2,40,000 ரூபாய்க்கு வேறு என்ன வழி?

"போய் ஏ.டி.எம்.ல எடுத்துட்டு வந்துடறீங்களா?" என்று விற்பவர் கேட்கலாம். ஏ.டி.எம். வரம்பு அவ்வளவு தராது. தந்தாலும் வாங்கக் கூடாது. ஒரே கொடுக்கல்வாங்கலுக்கு 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவு அபராதம் விதிக்க இடமுண்டு. அந்த அபராதம் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு.

சரியான வழி வங்கியின் சொந்தச் செயலியிலோ இணைய வங்கிச் சேவையிலோ இருக்கிறது. அங்கே மூன்று பாதைகள். ஐ.எம்.பி.எஸ். உடனடியாகப் போகும். 2021 அக்டோபரில் அதன் வரம்பை ரிசர்வ் வங்கி ஒரு முறைக்கு 2 லட்சத்திலிருந்து 5 லட்சமாக்கியது. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும். ஆர்.டி.ஜி.எஸ். பெரிய தொகைக்கானது, 2 லட்சத்துக்குக் குறைந்து அதில் அனுப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை வங்கிக் கிளை பூட்டியிருப்பது இதற்கெல்லாம் தடை அல்ல. நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் வருடம் முழுவதும் இரவு பகல் பாராமல் இயங்குகின்றன. நம் கார்க்காரருக்கு மீதி இருப்பது 2,40,000. ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்குப் பொருத்தமான தொகை.

ஆனால் அங்கும் ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. விற்பவரின் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் பெறுநராகச் சேர்த்ததும், "இந்தப் பெறுநருக்கு முழுத் தொகை அனுப்பச் சிறிது காலம் காத்திருக்கவும்" என்ற பொருளில் ஒரு செய்தி வருகிறது. புதிதாகச் சேர்த்த பெறுநருக்கு முதல் சில மணி நேரம், பல வங்கிகளில் ஒரு முழு நாள், சிறு தொகைக்கு மேல் விடுவதில்லை. காரணம் புதுக் கைபேசிக்குச் சொன்னதுதான். மிரட்டியோ ஏமாற்றியோ பணம் பறிப்பவர்கள் உங்களைப் பேச்சிலேயே வைத்திருந்து, அப்போதே பெறுநரைச் சேர்க்கச் சொல்லி, அப்போதே அனுப்பச் சொல்வார்கள். ஓர் இரவு தள்ளிப்போனால் வீட்டில் யாராவது ஒருவர் "என்னப்பா இது?" என்று கேட்டுவிடுவார்.

ஆகவே, இந்தக் காரியத்தில் பழகிய பழைய வண்டித் தரகர்கள் செய்வது எளிமையானது. வண்டியைப் பார்க்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பே விற்பவரின் வங்கி விவரத்தை வாங்கிப் பெறுநராகச் சேர்த்துவிடச் சொல்வார்கள். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பும்போது கணக்கு எண்ணுக்கு உரியவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் முதல் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயரும் திரையில் வரும் பெயரும் ஒன்றுதானா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம். ஒரு ரூபாய் அனுப்பி "வந்துச்சுங்களா?" என்று கேட்டுக்கொள்வதும் உண்டு. கூடவே தங்கள் இணைய வங்கிக் கணக்கின் அமைப்புப் பகுதிக்குப் போய், நாள் வரம்பு எவ்வளவு என்று பார்த்து, தேவையானால் உயர்த்தி வைப்பார்கள். வங்கி ஐந்து லட்சம் தந்தாலும், முன்பு எப்போதோ நாமே ஐம்பதாயிரம் என்று குறைத்து வைத்து மறந்திருப்போம்.

இதுவரை சொன்னது பணம் புறப்படாமலே நின்றுவிடுகிற கதை. நெஞ்சைப் பதற வைப்பது இன்னொன்று: கணக்கில் பணம் கழிந்துவிட்டது, எதிராளிக்கு வரவில்லை, திரையில் 'செயல்பாட்டில் உள்ளது' என்று சக்கரம் சுற்றுகிறது. இரண்டையும் மக்கள் ஒன்றாகவே 'பாதியில் நின்றுபோச்சு' என்கிறார்கள். ஆனால் வங்கிக்குள் நடப்பது முற்றிலும் வேறு.

யுபிஐயில் நீங்கள் ரகசிய எண்ணைத் தட்டியதும் கோரிக்கை உங்கள் செயலியிலிருந்து என்.பி.சி.ஐ.க்கும், அங்கிருந்து உங்கள் வங்கிக்கும் போகிறது. வங்கி ரகசிய எண்ணையும், இருப்பையும், அன்றைய வரம்பையும் பார்க்கிறது. எல்லாம் சரி என்றால்தான் கணக்கிலிருந்து கழிக்கிறது. கழித்துவிட்டேன் என்ற செய்தி என்.பி.சி.ஐ.க்குத் திரும்புகிறது. அதன் பிறகே, எதிராளியின் வங்கியிடம் இந்தத் தொகையை வரவு வை என்று சொல்லப்படுகிறது. வைத்துவிட்டேன் என்று அந்த வங்கி பதில் தந்ததும் உங்கள் திரையில் பச்சைக் குறி தெரிகிறது.

வரம்புச் சோதனை கழிப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே வரம்பு காரணமாக மறுக்கப்பட்டால் ஒரு காசும் உங்கள் கணக்கைவிட்டு நகர்ந்திருக்காது. சில செயலிகளும் வங்கிகளும் காரணத்தைக் குறியீடாகக் காட்டுவதுண்டு: Z8 என்றால் ஒரு முறைக்கான தொகை வரம்பு மீறல், Z7 என்றால் எத்தனை முறை என்ற எண்ணிக்கை மீறல், Z9 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை. இவை வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. தொகையைக் குறைக்கலாம், நாளை அனுப்பலாம், வேறு பாதையில் போகலாம்.

சக்கரம் சுற்றுவது அதற்கு அடுத்த கட்டத்தில். உங்கள் வங்கி கழித்துவிட்டது; எதிராளியின் வங்கியிலிருந்து குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. அந்த வங்கி வரவு வைத்துவிட்டுப் பதில் மட்டும் தாமதமாகியிருக்கலாம். வரவே வைக்காமலும் இருக்கலாம். எது என்று அந்த நிமிடத்தில் யாருக்கும் தெரியாது. நம் கார்க்காரர் அனுப்பிய 90,000 இப்படிச் சிக்கியிருந்தால் அவர் செய்யக் கூடாதது, இன்னொரு முறை 90,000 அனுப்ப முயல்வது. பெரும்பாலும் முடியவும் முடியாது, ஏனென்றால் கழிந்த தொகை அன்றைய வரம்பிலும் ஏறிவிட்டது. வேறு வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டாரானால் சிக்கல் அங்கேதான். சிக்கிய தொகையும் மாலையில் போய்ச் சேர்ந்தால், விற்பவரிடம் 90,000 கூடுதலாகப் போயிருக்கும். அதைத் திருப்பி வாங்குவது விற்பவரின் நல்ல மனதைப் பொறுத்தது. அவர் மனது வைத்தாலும் அவருடைய வரம்பும் ஒரு லட்சம்தான்.

அப்போது செய்ய வேண்டியது, செயலியின் பரிவர்த்தனை விவரத்தில் இருக்கும் 12 இலக்க யு.டி.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டு விற்பவரிடம் கொடுப்பது. அவர் தன் வங்கி அறிக்கையில் அதே எண்ணைத் தேடினால் வந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். குறுஞ்செய்தி வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். நெரிசல் நேரத்தில் பணம் முதலில் வந்து குறுஞ்செய்தி பின்னால் வருவது சகஜம்.

வரவு வைக்கப்படவில்லை என்றால் பணம் தானாகத் திரும்ப வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தனிமனிதருக்கு அனுப்பிய யுபிஐ தொகை அடுத்த நாளுக்குள் அனுப்பியவர் கணக்குக்குத் திரும்பியாக வேண்டும். கடைக்காரருக்குச் செலுத்தியதில் கடைக்கு உறுதிச் செய்தி போகாவிட்டால் ஐந்து நாள் அவகாசம். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் அவர் கேட்காமலே வரவு வைக்கப்பட வேண்டும். நடைமுறையில் பலரும் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். செயலியிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகாரைப் பதிவு செய்வது முதல் படி. வங்கியில் எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்வது அடுத்தது. முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். வங்கியில் கொடுத்த புகாரின் நகலையும் அந்த 12 இலக்க எண்ணையும் அங்கே முதலில் கேட்பார்கள்.